ஏப்ரல் பில்லு எகிறுச்சு, ஆனா காசைத் தின்னது மே மாசம்

கேள்வி: சார், நாங்க திருச்சில இருக்கோம், வீட்ல நாலு பேரு. போன வருஷம் முழுக்க வந்த கரண்ட் பில்லு லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கேன். பிப்ரவரில 931 ரூபா கட்டின எங்களுக்கு ஏப்ரல்ல 2258 வந்துது. ஏப்ரல்ல அப்படி என்ன ஓடுச்சுன்னே தெரியல, ஏசியே ஏப்ரல் 28-ம் தேதிதான் வாங்கி மாட்டினோம். மாமியார் ஏசிதான் காரணம்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் மீட்டர் கோளாறுன்னு சொல்றாரு. எந்த மாசம்தான் எங்களுக்கு அதிகமா செலவு ஆகுது, இந்த ஸ்கிரீன்ஷாட்டை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியுமா?
வாசகி, திருச்சி

பதில்:

பாதி வரைக்கும் கண்டுபிடிக்கலாம்மா, மீதிப் பாதிக்கு நீங்க ஏசி வாங்கின அந்த ஏப்ரல் 28 உதவுது, அந்தத் தேதியை எழுதாம விட்டிருந்தீங்கன்னா என்னால இவ்வளவு சொல்லியிருக்க முடியாது. நான் ஈபில ரெவின்யூ பக்கம் இருந்து ரிட்டயர் ஆனவன், பில்லு எகிறிடுச்சுன்னு கவுன்ட்டருக்கு வர்றவங்க முக்காவாசிப் பேரு உங்களை மாதிரி தொகையை மட்டும்தான் பாத்துட்டு வருவாங்க. தொகையைக் கடைசியாதான் பாக்கணும். முதல்ல தேதி, அப்புறம் ரீடிங், அதுக்கப்புறம் யூனிட், அதுக்கும் அப்புறம்தான் ரூபா.

தேதிலேர்ந்தே ஆரம்பிப்போம். லிஸ்ட்டுல 14-04-2025ன்னு ஒரு வரி இருக்குல்ல, அது ரீடிங் எடுத்த தேதி, அவ்வளவுதான். அதுக்குக் கீழ் வரில 06-02-2025ன்னு இருக்கு. அப்போ அந்த 2258 ரூபா பிப்ரவரி 6-லேர்ந்து ஏப்ரல் 14 வரைக்கும் ஓடின கரண்டுக்கு. ஏப்ரல்ல வந்த பில்லுல ஏப்ரல் மாசம் இருக்கறது ரெண்டு வாரம்தான், மீதி பூரா பிப்ரவரியும் மார்ச்சும். நம்மூர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு எடுக்கறதால எந்த வரியுமே ஒரு மாசத்தைக் காட்டாது, அதுவும் புதுசு மேலயும் பழசு கீழயுமா லிஸ்ட் வர்றதால ஒவ்வொரு வரியையும் அதுக்கு அடுத்த கீழ் வரியோட சேத்துதான் படிக்கணும். இதை மட்டும் கவனிச்சா மாமியார் கேஸ் பாதி அடிபட்டுப் போகுது, ஏப்ரல் 28 வாங்கின ஏசி ஏப்ரல் 14 எடுத்த ரீடிங்ல வரவே முடியாது. ஆனா அவசரப்பட்டு அவங்ககிட்ட இப்பவே போய் சொல்லிடாதீங்க, கீழ இன்னொரு கணக்கு இருக்கு.

அடுத்தது ரீடிங். வாட்ஸ்அப்ல வந்த படமாச்சே, கொஞ்சம் மங்கல், ஏப்ரல் வரில இருக்கற 526 எனக்கு முதல்ல 626 மாதிரியும் 528 மாதிரியும்தான் தெரிஞ்சுது. இந்த மாதிரி நேரத்துல கண்ணை நம்பாதீங்க, கழிச்சுப் பாத்துடுங்க. ஏப்ரல் ரீடிங் 19936, பிப்ரவரி ரீடிங் 19410, கழிச்சா 526. அப்படியே மேல போய் ஜூன் ரீடிங் 20496-லேர்ந்து 19936 கழிச்சா 560, அதுவும் லிஸ்ட்டோட ஒத்துப்போகுது. ஒரு எண்ணு தப்பா படிச்சிருந்தா ரெண்டு வரில ஏதோ ஒண்ணு இடிக்கும், அதனால இது நல்ல சோதனை. வீட்ல மீட்டர் பக்கத்துல அந்த வெள்ளை அட்டை தொங்குதுன்னா அதையும் ஒரு தடவை ஒத்துப் பாருங்க. யாருக்காவது ரெண்டு வரில ஒரே ரீடிங் வந்திருந்தா அன்னிக்கு வீடு பூட்டியிருந்து பழைய கணக்கை வச்சுப் போட்டிருப்பாங்க, அந்த வரியைத் தனியா எடுத்து ஒப்பிடக்கூடாது, அடுத்ததோட சேத்துதான் பாக்கணும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்ல.

இப்போ உங்க ஆறு பில்லையும் நாள் கணக்கோட எழுதறேன், பழசுலேர்ந்து புதுசுக்கு. முதல் வரிக்கு முந்தின ரீடிங் 2024 ஆகஸ்ட் 8.

2024 அக்டோபர் 7: 60 நாள், 450 யூனிட், ₹1490
2024 டிசம்பர் 8: 62 நாள், 372 யூனிட், ₹1043
2025 பிப்ரவரி 6: 60 நாள், 348 யூனிட், ₹931
2025 ஏப்ரல் 14: 67 நாள், 526 யூனிட், ₹2258
2025 ஜூன் 7: 54 நாள், 560 யூனிட், ₹2544
2025 ஆகஸ்ட் 6: 60 நாள், 498 யூனிட், ₹1792

இந்த நாள் கணக்கு உங்க ஸ்கிரீன்ஷாட்ல இல்ல, ரெண்டு தேதிக்கும் நடுவுல நான் எண்ணிப் போட்டது. ஆனா விஷயமே இங்கதான் இருக்கு, ஏப்ரல் பில்லு 67 நாளுக்கு, ஜூன் பில்லு 54 நாளுக்கு. ஏப்ரல்ல ரீடிங் எடுக்க ஒரு வாரம் லேட்டா வந்திருக்காங்க, ஜூன்ல கரெக்டா வந்துட்டாங்க, அதனால ஒண்ணு நீண்டுடுச்சு ஒண்ணு சுருங்கிடுச்சு.

நாளால வகுத்துப் பாத்தா படமே வேற. டிசம்பர்லயும் பிப்ரவரிலயும் நாளைக்கு ஏறக்குறைய 6 யூனிட், அக்டோபர்ல 7.5, ஏப்ரல்ல 7.85, ஆகஸ்ட்ல 8.3, ஜூன்ல 10.4. ரூபாயா பாத்தீங்கன்னா பிப்ரவரில நாளைக்கு 15 ரூபா 50 காசு, ஏப்ரல்ல 34 ரூபாக்குக் கொஞ்சம் கம்மி, ஜூன்ல 47 ரூபா. உங்களைப் பயமுறுத்தினது ஏப்ரல் பில்லு, ஏன்னா 931-லேர்ந்து 2258-க்கு ஒரே தாவு. ஆனா நிஜமா காசு ஓடினது ஏப்ரல் 14-க்கும் ஜூன் 7-க்கும் நடுவுல.

சரி, யூனிட்டு 348-லேர்ந்து 526, ஒண்ணரை மடங்குதான் ஏறியிருக்கு, ரூபா மட்டும் ஏன் ரெண்டரை மடங்குக்கு ஏறணும்? இங்கதான் ஸ்லாப் வருது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

2024 ஜூலை 1-லேர்ந்து உங்க இந்த ஆறு பில்லு வரைக்கும் நம்ம வீட்டு இணைப்புக்கு நாம கையிலேர்ந்து கட்டின ரேட்டு இது. (2025 ஜூலைல கட்டணம் மறுபடி ஏறினப்போ வீடுகளுக்கான ஏத்தத்தை அரசாங்கமே ஏத்துக்கிச்சு, அதனால உங்க ஆறு பில்லுக்கும் ஒரே ரேட்டுதான், நல்ல வேளை, ரேட்டு மாறின பில்லுகளை ஒப்பிடறது தனித் தலைவலி.) ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தீங்கன்னா முதல் 100 ஃப்ரீ, 101-லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபா 35 காசு, 201-லேர்ந்து 400 வரைக்கும் 4.70, 401-லேர்ந்து 500 வரைக்கும் 6.30. 500-ஐத் தாண்டினா அந்த 100 ஃப்ரீ அப்படியே இருக்கும், ஆனா 2.35ன்னு ஒரு ஸ்லாப் இருந்துச்சே அது காணாமப் போயிடும், 101-லேர்ந்து 400 வரைக்கும் எல்லாமே 4.70 ஆயிடும். 401-500 அதே 6.30, அதுக்கு மேல 501-600 வரை 8.40, 601-800 வரை 9.45, இன்னும் மேல போனா 10.50, 11.55ன்னு போகும், அது உங்களுக்கு வேண்டாம். சில பில்லுல முழு ரேட்டையும் போட்டு மானியத்தைக் கீழ தனியா கழிச்சிருப்பாங்க, கடைசில கட்டற தொகை இந்தக் கணக்குக்குத்தான் வந்து நிக்கும்.

நிறைய பேரு என்ன நினைக்கறாங்கன்னா 500-ஐத் தாண்டினா தாண்டின யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் ரேட்டுன்னு. இல்லம்மா. 500 யூனிட்டுக்கு பில்லு 1805 ரூபா. 501-க்கு 2048 ரூபா 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா 40 காசு, அதுல 8.40 அந்த யூனிட்டோட விலை, மீதி 235 ரூபா நீங்க எப்பவோ ஃபேன் போட்டு, மிக்ஸி போட்டு செலவு பண்ண அந்த 101-லேர்ந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கு இப்போ வந்து கேக்கற கூடுதல் காசு. மாடிப்படில ஏறிட்டிருக்கோம்னு நினைச்சா நடுவுல ஒரு படி மட்டும் இடுப்பு உயரத்துக்கு இருக்கு, அந்த மாதிரி.

உங்க ஏப்ரல் பில்லைப் போட்டுப் பாப்போம். முதல் 100 ஃப்ரீ, அடுத்த 300 யூனிட் 4.70 ரேட்டுல 1410, அடுத்த 100 யூனிட் 6.30 ரேட்டுல 630, மீதி 26 யூனிட் 8.40 ரேட்டுல 218.40, மொத்தம் 2258.40. லிஸ்ட்டுல 2258. காசை விட்டுட்டா ரூபா அப்படியே ஒத்துப்போகுது. இதே மாதிரி ஆறு வரியும் போட்டுப் பாத்தேன், எல்லாமே சரியா வருது. இதை ஏன் சொல்றேன்னா சில பேரோட தொகைல பழைய பாக்கி, லேட்டா கட்டினதுக்கான கட்டணம், கூடுதல் டெபாசிட்டு எல்லாம் கலந்திருக்கும், அதைப் பிரிக்காம அந்த மாசம் கரண்டு அதிகம்னு முடிவு பண்ணிடுவாங்க. யூனிட்டை வச்சு நீங்களா ஒரு தடவை கணக்கு போடுங்க, லிஸ்ட்டுத் தொகை அதைவிட அதிகமா இருந்தா அந்த வித்தியாசம் கரண்டுக்கானது இல்ல.

இப்போ ஏப்ரல் பில்லையும் ஆகஸ்ட் பில்லையும் பக்கத்துல வைங்க. 526 யூனிட்டுக்கு 2258, 498 யூனிட்டுக்கு 1792. வித்தியாசம் வெறும் 28 யூனிட், ரூபா 466. ஒரு யூனிட்டுக்கு 16 ரூபாக்கு மேல ஆகுது, அந்த ரேட்டு எந்த அட்டவணைலயும் கிடையாது. இன்னொண்ணு, நாள் கணக்குல பாத்தா ஆகஸ்ட்லதான் நீங்க அதிகமா ஓட்டியிருக்கீங்க, 8.3. ஏப்ரல்ல 7.85தான். கம்மியா ஓட்டின பில்லுக்கு அதிகக் காசு, அதிகமா ஓட்டின பில்லுக்குக் கம்மிக் காசு! ஆகஸ்ட்ல நீங்க தப்பிச்சது ரெண்டே ரெண்டு யூனிட்ல, அன்னிக்கு ரீடிங் எடுக்க ஒரு நாள் லேட்டா வந்திருந்தா நீங்களும் 2050, 2100ன்னு கட்டியிருப்பீங்க.

அடுத்து உங்க மனசுல வர்ற கேள்வி எனக்குத் தெரியும், அப்போ ஏப்ரல்ல ஒரு வாரம் லேட்டா வந்ததால எங்களுக்கு நஷ்டம்தானே? நஷ்டம்தான், ஆனா நீங்க நினைக்கற அளவு இல்ல. பாருங்க, 60-வது நாள் அதாவது ஏப்ரல் 7-ம் தேதி வந்து எடுத்திருந்தா, நாளைக்கு 7.85 மேனிக்கு 471 யூனிட் இருந்திருக்கும், பில்லு 1622 ரூபா. உடனே 636 ரூபா போச்சேன்னு சண்டைக்குக் கிளம்பிடாதீங்க. அந்த ஏழு நாளோட 55 யூனிட்டு காத்துல போயிடாது, அடுத்த பில்லுல போய் உக்காரும். ஜூன் பில்லு அப்போ 61 நாளுக்கு 615 யூனிட்டு, அது 600-ஐத் தாண்டி 9.45 ஸ்லாப்பைத் தொட்டு 3022 ரூபா வந்திருக்கும். ரெண்டையும் கூட்டினா 4644. நீங்க நிஜமா கட்டினது 4802. ஆக லேட்டு ஆனதுக்கான நஷ்டம் சுமார் 158 ரூபா.

உங்க அடுத்த பில்லும் 500-க்கு மேல போனதாலதான் நஷ்டம் இவ்வளவு கம்மி. இதே லேட்டு மழைக்காலத்துல நடந்து, அடுத்த பில்லு 300 யூனிட்டுன்னு இருந்திருந்தா, தள்ளிப் போற 55 யூனிட்டும் அங்க 4.70-க்கே முடிஞ்சிருக்கும், அப்போ நஷ்டம் 380 ரூபா பக்கம் வரும். அதனால லேட்டு ரீடிங் பத்தி புகார் குடுக்கணும்னா ஒரு பில்லை மட்டும் காட்டாம ரெண்டு பில்லையும் சேத்து கணக்கு எழுதி செக்‌ஷன் ஆபீஸ்ல குடுங்க, இல்லைன்னா மின்னகம் 94987 94987-ல பதிவு பண்ணுங்க. தேதியும் ரீடிங்கும் ரெண்டு பில்லுக்கும் எழுதியிருந்தா பேச்சே வேற. சும்மா பில்லு ஜாஸ்தின்னு சொன்னா மீட்டர் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுங்கன்னு அனுப்பிடுவாங்க.

அந்த ஒரு வாரம் இன்னொரு வேலையும் பண்ணியிருக்கு, உங்க காஸ்ட்லியான மாசத்தை மறைச்சிடுச்சு. சரியான தேதில எடுத்திருந்தா லிஸ்ட்டுல 931, 1622, 3022ன்னு வரிசையா வந்திருக்கும், பாத்த உடனே ஜூன் பில்லுதான்னு சொல்லியிருப்பீங்க. 2258, 2544ன்னு பக்கத்துப் பக்கத்துல வந்ததால உங்க கண்ணு ஏப்ரல் மேலயே நின்னுடுச்சு.

இப்போ அந்த ஜூன் பில்லுக்குள்ள போவோம். ஏப்ரல் 14-லேர்ந்து ஜூன் 7, 54 நாள், 560 யூனிட். இதுல எந்த மாசம்னு ஸ்கிரீன்ஷாட் சொல்லாது, அதுக்கு நடுவுல ஒரு ரீடிங் இருந்தாதான் தெரியும். ஆனா நடுவுல உங்ககிட்ட ஒரு தேதி இருக்கே, ஏப்ரல் 28. அதை வச்சு உத்தேசமா பிரிக்கலாம். ஏசி வர்றதுக்கு முந்தி 13 நாள், முந்தின பில்லோட சராசரி 7.85-ஐயே வச்சா 102 யூனிட். மீதி 458 யூனிட், ஏசி வந்தப்புறம் இருக்கற 41 நாளுக்கு, நாளைக்கு 11 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. அப்படின்னா ஏப்ரலோட பின்பாதி 136 யூனிட் கிட்ட, ஜூன் முதல் வாரம் 78 கிட்ட, மே மாசம் மட்டும் தனியா 346 யூனிட் கிட்ட. உங்க பழைய பிப்ரவரி பில்லு ரெண்டு மாசத்துக்கே 348தான்மா! நீங்க தேடின மாசம் மே.

இது உத்தேசம்தான், இதுல ஒரு ஓட்டையும் இருக்கு. 7.85ங்கறது பிப்ரவரி குளிரையும் சேத்த சராசரி, ஏப்ரல் கடைசில திருச்சி வெயிலுக்கு ஏசி இல்லாமலே எட்டரை ஒன்பது போயிருக்கலாம், ஃபிரிட்ஜும் வெயில்ல அதிக நேரம் ஓடும். அதனால மே மாசம்ங்கறது மாறாது, ஆனா அதுல ஏசியோட பங்கு நான் கீழ சொல்றதைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கலாம்.

ஏசியோட பங்குன்னா, நாளைக்கு 11.2-க்கும் 7.85-க்கும் உள்ள வித்தியாசம், மூணே கால் யூனிட்டுக்கு மேல, 41 நாளுக்கு 136 யூனிட். இதுக்கு எவ்வளவு காசுன்னு கேட்டா எல்லாரும் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால வகுப்பாங்க, 2544-ஐ 560-ஆல வகுத்தா 4 ரூபா 54 காசு, 136 யூனிட்டுக்கு 618 ரூபா, பரவால்லயேன்னு இருக்கும். அப்படிப் போடக்கூடாது. ஏசி இல்லைன்னா பில்லு என்ன ஆயிருக்கும்னு பாக்கணும். 560-ல 136 போனா 424 யூனிட், 500-க்குள்ள வந்துடறதால அந்த 2.35 ஸ்லாப்பும் திரும்பக் கிடைக்கும், பில்லு 1326 ரூபா. ஆக ஏசி இழுத்தது 2544-க்கும் 1326-க்கும் உள்ள வித்தியாசம், 1218 ரூபா. யூனிட்டுக்கு 9 ரூபா. உங்க பில்லுல இருக்கற உச்ச ஸ்லாப்பே 8.40தான், ஆனா ஏசி ஓடின கரண்டு அதைவிட விலை. கடைசியா வந்து சேர்ற யூனிட்டுதான் மேல் ஸ்லாப்புல போய் விழும், அதோட கீழ இருந்த சலுகையையும் சேத்துக் கொண்டுபோயிடும்.

அதனால மாமியார் விஷயத்துல தீர்ப்பு இது: ஏப்ரல் பில்லுக்கு ஏசி காரணம் இல்ல, ஜூன் பில்லுக்கு ஏசிதான் காரணம். பாதி வெற்றின்னு சொல்லிக்குங்க.

அப்போ ஏசி இல்லாத அந்த பிப்ரவரி டு ஏப்ரல்ல நாளைக்கு 5.8-லேர்ந்து 7.85, ரெண்டு யூனிட் ஏன் ஏறுச்சுன்னா, எனக்கு ஃபேனைத் தவிர வேற எதுவும் தேவைப்படல. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், அது 13 மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். தை மாசம் ஒண்ணு ரெண்டு ஃபேனோட ஓட்டிட்டு மாசி பங்குனில இன்னும் ரெண்டு ஃபேன் நாளைக்கு 13 மணி நேரம் ஓடினாலே ரெண்டு யூனிட் ஆயிடும். உங்க வீட்ல பழைய ஃபேனா இருந்தா பிஎல்டிசி ஃபேன் மாத்தினா பாதிக்கும் கீழ வரும், ஏப்ரல் பில்லு மாதிரி 26 யூனிட்ல 500-ஐத் தாண்டற வீட்டுக்கு அது ஒரு ஃபேன் மாத்தினாலே போதும், அந்த 26 யூனிட்டு தாண்டாம இருந்திருந்தா 453 ரூபா மிச்சம்.

வீட்டுக்காரர் சொன்ன மீட்டர் கோளாறு எனக்குத் தோணல. மீட்டர் ஓவரா ஓடினா எல்லா சீசன்லயும் ஓவரா ஓடும், உங்களுது குளிர்ல இறங்கி, வெயில்ல ஏறி, ஆடில மறுபடி இறங்குது, ஒழுங்கா நடந்துக்குது. அவருக்கு சமாதானம் ஆகலைன்னா வீட்டுக்குள்ள இருக்கற எல்லா ஸ்விட்சையும் எம்சிபியையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல மினுக்கற சின்ன சிவப்பு லைட்டை ஒரு பத்து நிமிஷம் பாக்கச் சொல்லுங்க. மினுக்காம இருந்தா மீட்டர் சும்மா ஓடலன்னு அர்த்தம். எல்லாம் ஆஃப்ல இருந்தும் மினுக்கிட்டே இருந்தா வயரிங்ல கசிவோ, உங்க மீட்டர்லேர்ந்து வேற எங்கயாவது லைன் போகுதோன்னு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பாருங்க, மொட்டை மாடி லைட்டு, மோட்டார் லைன்னு ஏதாவது ஒண்ணு மாட்டும்.

அடுத்த வருஷம் இந்த உத்தேசமெல்லாம் வேண்டாம்னா ஒவ்வொரு மாசமும் 1-ம் தேதி மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. ஸ்கிரீன்ல தேதி, நேரம், வோல்டேஜ்னு மாறி மாறி வரும், பக்கத்துல kWhன்னு போட்டிருக்கற எண்ணு வர்ற வரைக்கும் நின்னு எடுங்க, kWன்னு மட்டும் வர்றது வேற, அது சின்ன எண்ணா இருக்கும். ரீடிங் எடுக்க வர்ற அன்னிக்கும் ஒரு போட்டோ. அதோட 8.3ங்கற எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, 60 நாளுக்கு 500-ஐப் பிரிச்சா நாளைக்கு அவ்வளவுதான். ரீடிங் எடுத்த நாள்லேர்ந்து 45-வது நாள் போய் பாக்கறப்போ அதுவரைக்கும் ஓடின யூனிட் 375-க்குக் கீழ இருந்தா நிம்மதியா இருக்கலாம். 390, 400ன்னு இருந்தா மிச்ச 15 நாளும் ஏசியைக் குறைச்சு தினம் ஒண்ணரைலேர்ந்து ரெண்டே கால் யூனிட் வரைக்கும் மிச்சம் பிடிச்சா உள்ள வந்துடுவீங்க. 450-ஐத் தாண்டிட்டா இழுத்துப் பிடிச்சும் பெருசா பிரயோஜனம் இருக்காது, அந்த 235 போனது போனதுதான், அதுக்கப்புறம் 600 தாண்டாம பாத்துக்கிட்டா போதும். 58-வது நாள் ஆகியும் ஆள் வரலைன்னா, நீங்க 490 பக்கத்துல இருக்கீங்கன்னா, அன்னிக்கே போட்டோ எடுத்துக்கிட்டு செக்‌ஷன் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க.